மலைப்பாம்புக் குட்டியா, மண்ணுளியா, சாரையா? ஒரு தோட்டப் படத்தை வைத்து முடிவெடுத்த கதை

ஜூலை மாதம், மழை விட்ட ஒரு சாயங்காலம். பெங்களூரு ஹுளிமாவுப் பக்கம் தரைத்தளத்தில் குடியிருக்கும் அக்கா ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் ஒன்று அனுப்பினார். கறிவேப்பிலைச் செடிக்கு அடியில், பாத்தி ஓரமாக வைத்திருந்த சாலிட் பிளாக்கை ஒட்டிப் பழுப்புத் திட்டுகளோடு ஒரு பாம்பு. தலைப்பக்கம் கொஞ்சம் சருகுக்குள். கூடவே ஒரு செய்தி: "தோட்டக்காரர் ஹெப்பாவு மரின்னு சொல்றாரு, பன்னேர்கட்டா காட்டுலேர்ந்து வந்திருக்குமாம். எங்க வீட்டுக்காரர் சாரைன்றாரு. மாமா போன்ல பாத்துட்டு மண்ணுளிப் பாம்புன்னுட்டாரு. எதுப்பா சரி?"

ஹெப்பாவு என்றால் கன்னடத்தில் மலைப்பாம்பு, மரி என்றால் குட்டி. தோட்டக்காரர் சொன்னதைச் சிரித்து ஒதுக்க முடியாது. நகரத்தின் தெற்கு ஓரத்தில் பன்னேர்கட்டா காடும் துரஹள்ளிக் காடும் இருக்கின்றன. மலைப்பாம்பு கோடையில் இடும் முட்டை இரண்டு மாதம் போல அடைகாத்தபின் பொரிகிறது. மழைக்காலம்தான் குட்டிகள் வெளியே திரியும் காலம். சாரை பெங்களூரில் எலி இருக்கும் இடமெல்லாம் உண்டு. மண்ணுளியும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மூன்று பேர் சொன்னதும் நடக்கக்கூடியதுதான்.

மூன்றும் விஷமில்லாத பாம்புகள். அப்படியென்றால் எதுவாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். படத்தில் இருப்பது இந்த மூன்றுமே இல்லாமல் போகலாம் என்பதுதான் சிக்கல். பழுப்புத் திட்டு, தடித்த உடம்பு, இரண்டடி நீளம் என்ற வர்ணனைக்குள் கண்ணாடி விரியனும் கச்சிதமாக அடங்கும். மலைப்பாம்புக் குட்டி என்றோ மண்ணுளி என்றோ நினைத்து விரியனைக் கையில் எடுத்துக் கடிபட்டவர்கள் இருக்கிறார்கள். அதனால் நான் படம் பார்க்கும்போது மூன்று பெயர்களை அல்ல, நான்கு பெயர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பேன். நான் பாம்பு பிடிப்பவன் அல்ல. பிடிப்பவர்களோடு சில வருஷம் டார்ச் தூக்கிக்கொண்டு அலைந்தவன், அவ்வளவுதான்.

முதலில் அளவு. எல்லோரும் அளவைத்தான் முதலில் சொல்வார்கள், அதில்தான் அதிகம் தவறுவார்கள். பயத்தில் பார்த்த கண்ணுக்கு மூன்றடி ஆறடியாகத் தெரியும். செல்போனைக் கிட்டே கொண்டுபோய் எடுத்த படத்தில் புழு கூடப் பூதமாகும். ஆகவே "எவ்வளவு நீளம் இருக்கும்?" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். படத்துக்குள் பாம்பை ஒட்டி அளவு தெரிந்த பொருள் எது என்று தேடுவேன். செங்கல், தரை ஓடு, செருப்பு, எதுவானாலும் சரி. இந்தப் படத்தில் சாலிட் பிளாக் இருந்தது நல்லதாகப் போயிற்று. அதன் நீளம் 40 சென்டிமீட்டர்.

செய்தது இவ்வளவுதான். படத்தை லேப்டாப்பில் பெரிதாக்கி, திரையில் பிளாக்கின் நீளத்தை ஸ்கேலால் அளந்தேன்: 8 சென்டிமீட்டர். தையல் நூல் ஒன்றைப் பாம்பின் வளைவுகள் மேல் தலையிலிருந்து வால்வரை ஓட்டி, நூலை நீட்டி அளந்தேன்: 11.5. சருகுக்குள் மறைந்த துண்டுக்கும் உத்தேசமாகச் சேர்த்துத்தான். 8 சென்டிமீட்டர் என்பது நிஜத்தில் 40 என்றால், 11.5 என்பது ஏறத்தாழ 57. அதாவது இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு. பிளாக்கும் பாம்பும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். பிளாக் முன்னாலும் பாம்பு பின்னாலும் இருந்தால் பாம்பைக் குட்டையாக்கிவிடும். இங்கே இரண்டும் ஒட்டிக் கிடந்தன.

57 சென்டிமீட்டர் என்ன சொல்கிறது? உறுதியாக எதையும் சொல்லவில்லை. அளவு "இது இல்லை" என்று சொல்ல உதவும், "இதுதான்" என்று சொல்ல உதவாது. மலைப்பாம்பு முட்டையிலிருந்து வரும்போதே ஒன்றரை அடி, இரண்டு அடி இருக்கும். ஒரு முழத்துக்குக் குறைந்த மலைப்பாம்புக் குட்டி என்பது அநேகமாகக் கிடையாது. சாண் அளவில் ஒரு திட்டுப் பாம்பைப் பார்த்து மலைப்பாம்புக் குட்டி என்று யாராவது சொன்னால், அது நிச்சயம் வேறு ஏதோ. பிறந்த விரியன் குட்டி ஏறத்தாழ ஒரு சாண்தான் இருக்கும் என்பதை அங்கே நினைவில் வைக்க வேண்டும். மறுபக்கம், திட்டு மண்ணுளி பெரும்பாலும் இரண்டடிக்குள் நின்றுவிடும், எவ்வளவு வளர்ந்தாலும் மூன்றடியைத் தாண்டுவது அபூர்வம். ஏழடிப் பாம்பு மண்ணுளியாகவோ விரியனாகவோ இருக்காது. அது சாரை, இல்லையென்றால் மலைப்பாம்பு. ஆனால் 57 என்பது எல்லோரும் சந்திக்கும் நாற்சந்தி. அன்று பொரித்த மலைப்பாம்பு, வளர்ந்த மண்ணுளி, வளரும் விரியன், சாரைக்குஞ்சு நான்குக்கும் இந்த நீளம் பொருந்தும்.

இங்கே நீளத்தை விட்டுத் தடிமனைப் பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் வரும். மலைப்பாம்பு இந்த அளவில் பச்சைக் குழந்தை. கட்டைவிரல் தடிமனில், ஒல்லியாக, உடம்புக்குத் தலை பெரிதாகத் தெரியும். பெரிய மலைப்பாம்பின் பருமனை மனதில் வைத்துக்கொண்டு "குண்டாக இருக்கிறது, அதனால் மலைப்பாம்பு" என்று நினைப்பது தலைகீழ்க் கணக்கு. மண்ணுளிக்கோ 57 என்பது முழு வயது. உருண்டு திரண்டு, தலை சிறுத்திருக்கும். சாரைக்குஞ்சு இந்த நீளத்தில் சுண்டுவிரலை விட மெலிவு. திரையில் நம் பாம்பின் நடு உடம்பு 0.7 சென்டிமீட்டர், அதாவது நிஜத்தில் மூன்றரை. சாரை அங்கேயே விழுந்துவிட்டது, அக்கா வீட்டுக்காரர் மன்னிக்க வேண்டும். மலைப்பாம்புக்கும் கொஞ்சம் அதிகத் தடிமன்தான். ஆனால் இரை விழுங்கிய பாம்பு எதுவும் நடுவில் தடிக்கும், அதனால் தடிமனை மட்டும் நம்பி நான் முடிவு சொல்வதில்லை.

முடிவு சொல்வது தலைச் செதில். கஷ்டம் என்னவென்றால், வரும் படங்களில் பாதிக்கு மேல் தலையே இருக்காது, இருந்தாலும் மாவு கரைத்த மாதிரி இருக்கும். முதல் படத்தில் தலை சருகுக்குள். அக்காவிடம் மூன்று விஷயம் கேட்டேன். இரண்டு மீட்டர் தள்ளியே நின்று, மூன்று மடங்கு ஜூம் வைத்து, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் குனிந்து ஒன்று எடுங்கள். சருகைக் குச்சியால் தள்ள வேண்டாம், அது தானே நகரும்வரை காத்திருங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். படத்தைச் சுருக்கி அனுப்பினால் முதலில் காணாமல் போவது செதிலின் ஓரங்கள்தான். சின்னச் செதில் எல்லாம் கலந்து, தலை வழவழவென்று பெரிய தட்டு போர்த்தியது போலத் தெரியும். அப்படி ஒரு விரியன் தலை சாரைத் தலையாக மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

இருபது நிமிஷத்தில் இரண்டு படங்கள் வந்தன. அவற்றைச் சொல்வதற்கு முன், என்ன தேடினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

சாரையின் உச்சந்தலையில் பெரிய தட்டுகள் ஒன்பது, தளம் போட்டது மாதிரி ஒழுங்காகப் பொருந்தியிருக்கும். கண் பெரிது, கண்மணி வட்டம். மேலுதட்டுச் செதில்களின் ஓரத்தில் மையால் கோடு இழுத்தது போலக் கறுப்பு. தெளிவான ஒரு பக்கவாட்டுப் படம் கிடைத்தால் சாரையை ஐந்து விநாடியில் சொல்லிவிடலாம், அதற்குமேல் அதில் வேலை இல்லை.

மலைப்பாம்பின் தலை இரண்டு விதமாகக் கட்டப்பட்டது. மூக்குப் பக்கம் சில பெரிய தட்டுகள் இருக்கும். கண்ணைத் தாண்டிப் பின்னால் போகப் போக அவை உடைந்து, ஒழுங்கில்லாத சின்னச் சில்லுகளாகும். இதைவிட நல்ல அடையாளம் உதட்டில் இருக்கிறது. மூக்கு நுனிச் செதிலிலும், அதை அடுத்த முதல் இரண்டு மேலுதட்டுச் செதில்களிலும் குழிகள் தெரியும். இரையின் உடல் சூட்டை உணரும் குழிகள் அவை. பக்கவாட்டுப் படத்தில் ஊசியால் குத்தியது போல வரிசையாகத் தெரிந்தால் வேறு பேச்சே வேண்டாம், அது மலைப்பாம்பு. மண்ணுளிக்கும் அந்தக் குழி இல்லை, கண்ணாடி விரியனுக்கும் இல்லை, சாரைக்கும் இல்லை. தலையின் மேல் ஈட்டிமுனை போன்ற பழுப்புக் குறி ஒன்றும் இருக்கும். நம்மூர் மலைப்பாம்பில் அது மூக்கை நோக்கி வரும்போது மங்கிவிடும், தலையில் லேசான இளஞ்சிவப்பும் தட்டும்.

மண்ணுளிக்குத் தட்டே கிடையாது. மூக்கிலிருந்து கழுத்துவரை கேழ்வரகைக் கொட்டிப் பரப்பியது போலச் சின்னச் சின்னச் செதில். கண் ரொம்பச் சிறிது. கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை. தலை அப்படியே உடம்பாகிவிடும், மண்ணைத் துளைக்க வசதியாக.

இதோடு நின்றால்தான் ஆபத்து. கண்ணாடி விரியனின் தலையிலும் சின்னச் செதில்தான்! தட்டு இல்லை, குழி இல்லை என்றால் மலைப்பாம்பும் சாரையும் வெளியே போயின, அவ்வளவுதான். மீதி இரண்டும் உள்ளேயேதான் இருக்கின்றன. "தலையில் சின்னச் செதில் இருந்தால் விஷப்பாம்பு" என்று ஒரு விதி ஊரில் உலவுகிறது, மண்ணுளியிடம் அது தோற்றுப்போகும். "கண்மணி நெட்டுக்குத்தாக இருந்தால் விஷம்" என்பது இன்னும் மோசம். மலைப்பாம்புக்கும் மண்ணுளிக்கும் நெட்டுக்குத்துக் கண்மணிதான். வட்டக் கண்மணியோடு நாகம் நிற்கும்.

மண்ணுளியையும் விரியனையும் பிரிக்க நான் செதிலை விட்டுவிட்டுத் தலையின் வடிவத்துக்கும் வாலுக்கும் போவேன். விரியன் தலை முக்கோணம். பின்பக்கம் அகன்று கழுத்தில் சட்டென்று ஒடுங்கும். மூக்குத் துளை அந்தத் தலைக்குப் பொருந்தாத அளவு பெரிது. கண்ணும் பெரிதாகத் தெளிவாகத் தெரியும். வால் படிப்படியாக மெலிந்து முடியும். மண்ணுளியின் வாலோ ரொம்பக் குட்டை. கேரட்டின் நுனி போலச் சட்டென்று கூம்பி முடியும், அந்த இடத்துச் செதில்கள் அரம் மாதிரி சொரசொரப்பாகப் படத்திலேயே தெரியும். தலை கிடைக்காத படத்தில் வால் கிடைத்தால் நான் பாதி நிம்மதி அடைவது இதனால்தான்.

அக்காவின் இரண்டாவது படம் பக்கவாட்டில் எடுத்தது. பாம்பு சருகைவிட்டு ஒரு விரற்கடை வெளியே வந்திருந்தது. மூக்கில் தட்டு இல்லை, உதட்டில் குழி இல்லை. மலைப்பாம்பு போயிற்று. தலைக்கும் உடம்புக்கும் நடுவே இடுக்கு இல்லை. கண் கடுகு அளவு. மூக்குத் துளை இருக்கும் இடம் தெரியாத ஒரு கீறல். மேலிருந்து எடுத்த படத்தில் வால் கூம்பு, சொரசொரப்பு. மாமா சொன்னதுதான் சரி.

ஆனாலும் உடம்புக் கோலத்தை ஒருமுறை பார்க்காமல் பதில் அனுப்பவில்லை. கோலத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். மற்றவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள், அதனால்தான் குழப்பம். மலைப்பாம்பின் திட்டுகள் பெரியவை, கரிய ஓரம் போட்டவை. நடுவே வெளிர்நிறச் சந்துகள் ஓடும், நிலப்படத்தில் மாவட்ட எல்லை மாதிரி. செதில் வழவழப்பு, ஃபிளாஷ் பட்டால் எண்ணெய் மிதக்கும் தண்ணீர் போல வானவில் அடிக்கும். மண்ணுளியின் திட்டுகளுக்கு ஓரம் பிய்ந்திருக்கும், ஒன்றோடொன்று ஒட்டி முதுகில் கோணல்மாணலாக ஒரே பட்டையாக ஓடும். விரியனுக்கு மூன்று வரிசை: முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. ஒவ்வொரு புள்ளியும் முட்டை வடிவம், கறுப்பு ஓரம், அதற்கு வெளியே பெரும்பாலும் மெல்லிய வெள்ளைக் கோடு. சங்கிலி கோத்தது போல ஒழுங்கு. சில விரியன்களில் முதுகுப் புள்ளிகளும் ஒட்டிக்கொள்ளும். அப்போது முதுகை மட்டும் பார்த்தால் மண்ணுளிக்குத் தம்பி மாதிரி இருக்கும், விலாவில் தனித்தனிப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தால் பிடிபட்டுவிடும். சேறு, தூசி, சட்டை உரிக்கப்போகும் மங்கல் எல்லாம் சேர்ந்தால் இந்த வித்தியாசங்கள் பாதி அழிந்துபோகும். நம் படத்தில் விலாவில் வரிசை எதுவும் இல்லை. முதுகுப் பட்டை பிய்ந்த ஓரத்தோடு வளைந்து வளைந்து போயிற்று.

சாரையைச் சீக்கிரம் கழித்துவிட்டேன், ஆனால் அது மலைப்பாம்பாக மாறும் இடம் வேறு. ஆறேழடிச் சாரை, முன்பாதி ஒரே பழுப்பு அல்லது மஞ்சள் பழுப்பு. பின்பாதியில் கறுப்பு வரிகள் குறுக்கே ஓடி வலை போட்டது போல இருக்கும். குரோட்டன்ஸ் புதருக்குள் தலை போய்விட்டு, அந்த வலைப் பகுதி மட்டும் படத்தில் விழுந்தால் "மலைப்பாம்பு வந்திருக்கு" என்று மாடிக்கு மாடி செய்தி பரவும். அப்போது வாலைப் பாருங்கள். சாரையின் மொத்த நீளத்தில் கால் பங்குக்கு மேல் வால்தான், சாட்டை மாதிரி மெலிந்துகொண்டே போகும். ஏழடி மலைப்பாம்பு தொடை கனம் இல்லாவிட்டாலும் கை கனமாவது இருக்கும், வால் குட்டை. பட்டப்பகலில் விறுவிறுவென்று ஓடி மறைந்தது என்றால் அதுவும் சாரைப் பக்கம்தான் சாயும். கன்னடக்காரர்கள் கேரே என்று சொல்லி அதை விட்டுவிடுவார்கள். நம் ஊரில் அது நாகத்தோடு பின்னிப் பிணையும் என்று கதை இருக்கிறது. உண்மையில் பின்னிக்கொண்டு நிற்பவை இரண்டு ஆண் சாரைகள், நடப்பது மல்யுத்தம்.

மண்ணுளியில் இன்னொரு வகையும் பெங்களூரில் உண்டு. உடம்பெல்லாம் ஒரே செம்பழுப்பு, திட்டே இல்லை, வால் மழுங்கித் தலை போலவே இருக்கும். இருதலைப் பாம்பு என்று நாம் சொல்வதும், கன்னடத்தில் மண்ணுமுக்கா என்பதும் அதுதான். அடையாளம் காண அது சுலபம், யாரும் மலைப்பாம்பு என்று குழம்புவதில்லை. அதற்கு ஆபத்து வேறு வழியில் வருகிறது. அதை வைத்திருந்தால் அதிர்ஷ்டம், லட்சக்கணக்கில் விலை போகும் என்று ஏமாற்றும் கும்பல்கள் இருக்கின்றன. அந்தப் படத்தை வீட்டு விலாசத்தோடு பத்துப் பேருக்கு அனுப்பாதீர்கள். வைத்திருப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மலைப்பாம்புக்கும் இதே கதைதான்.

சரி, படத்திலிருந்து முடிவு வந்தபின் என்ன செய்வது என்பதும் பாம்புக்குப் பாம்பு மாறும். சாரை என்றால் வழி விட்டால் போதும், அது அதன் எலியைத் தேடிப் போகும். மண்ணுளி என்றாலும் அப்படித்தான். பெரும்பாலும் இருட்டியபின் நடமாடும் அது, பகலில் மண்ணுக்குள் கிடக்கும். மலைப்பாம்பு என்றால், குட்டியே ஆனாலும், வனத்துறைக்கோ பயிற்சி பெற்ற பாம்பு மீட்பவருக்கோ சொல்லலாம். விஷமில்லை என்பதற்காகக் கையில் எடுத்தால் உள்நோக்கி வளைந்த பற்கள் நன்றாகவே கிழிக்கும். விரியன் என்றால் குழந்தைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிட்டு, ஒருவர் தூரத்தில் நின்று அது போகும் திசையை மட்டும் பார்க்க வேண்டும், ஆள் வரும்வரை. தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை, திட்டு மட்டும் தெரிகிறது என்ற படத்துக்கு நான் அனுப்பும் பதில் ஒன்றே: விரியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணுளியை விரியன் என்று தப்பாகச் சொன்னால் ஒரு சாயங்காலம் பயந்ததோடு போகும். திருப்பித் தப்பானால் போவது உயிர். யாராவது கடிபட்டுவிட்டால் படமும் வேண்டாம், நூலும் வேண்டாம், நேரே விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிதான்.

அக்காவுக்கு "மண்ணுளி, அப்படியே விட்டுடுங்க" என்று அனுப்பினேன். "எப்படி இவ்ளோ உறுதியாச் சொல்ற?" என்று கேட்டதற்கு வால் படத்தில் வட்டம் போட்டு அனுப்பினேன். தோட்டக்காரருக்கும் காட்டினாராம். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஹெப்பாவுக்கு இப்படி வால் இருக்காது, ஆமா" என்று ஒத்துக்கொண்டாராம். மறுநாள் காலை பாம்பு இல்லை. கறிவேப்பிலைச் செடி அடியில் மண் ஒரு இடத்தில் பொலபொலவென்று மேலெழும்பி இருந்திருக்கிறது. அதிலிருந்து அந்தப் பாத்தியைக் கையால் கிளறுவதில்லை, நீளக் காம்பு வைத்த கொத்து வாங்கிவிட்டேன் என்றார்.